விழுந்தப்ப வலி கூடவா, இப்பக் கூடவா?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

முதலாண்டு நர்சிங் பிள்ளைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்ட, நோயாளிக்காக நர்ஸ் பேசுவது எப்படி என்று ஒரு நைட் டூட்டிக் கதையாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரிப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு, பதநீர் சீசன். அவ்வளவு போதும்.

திசையன்விளைப் பக்கத்துப் பனையேறி ஒருவர். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மரத்தைத் தழுவித் தழுவி மார்பெல்லாம் காய்த்துப்போன உடம்பு. மத்தியானம் பாளை சீவ ஏறியவர், பாதி மரத்திலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார். வேனில் போட்டுக் கொண்டு வந்து சேர்க்கும்போது சாயங்காலம் 6.30. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. தோல் கிழியவில்லை. எலும்பை இழுத்து நேராக்கி, தொடையிலிருந்து விரல் அடி வரைக்கும் மாவுக்கட்டு முழுதாகப் போட்டார்கள். காலையில் கம்பி வைத்து ஆபரேஷன் என்று முடிவு. 8.30-க்கு வார்டுக்கு வந்துவிட்டார், பதினோராம் பெட். காலுக்கு அடியில் இரண்டு தலையணை. கேஷுவாலிட்டியிலேயே ஒரு டைக்ளோஃபெனாக் போட்டிருந்தார்கள். 10 மணிக்கு ஆர்டர்படி டிரமடால் நான் போட்டேன். அப்போது கேட்டதற்கு, "கொஞ்சம் வலிதான் சிஸ்டரம்மா, இருக்கட்டும்" என்றார்.

11.15-க்கு வார்டு ஆயாம்மா என்னிடம் வந்து, "யம்மா, பதினொண்ணு துண்ட வாயில வச்சுக் கடிச்சிக்கிட்டுக் கிடக்காரு, என்னன்னு பாருங்க" என்று சொன்னாள். இதை உன் பிள்ளைகளிடம் விடாமல் சொல். அந்த ராத்திரி அவருக்காக முதலில் வாய் திறந்தது ஆயாம்மா. ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலி இறங்கியிருக்க வேண்டிய நேரம்.

போய்ப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. "வலிக்கா அண்ணாச்சி?" என்றால், "முறிஞ்ச காலு வலிக்கத்தானே செய்யும்" என்றார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பெண்சாதி முகத்தைப் பார்த்தார், "அஞ்சுன்னு வச்சிக்கிடுங்க" என்றார். நான் வருத்தப்படக் கூடாதே என்று சொன்ன அஞ்சு அது. நம் பக்கத்து ஆட்கள் இப்படித்தான். மரமேறியும் வயலறுத்தும் பீடி சுற்றியும் பிழைக்கிறவர்களுக்கு வலியைக் கணக்காக வெளியில் சொல்லிப் பழக்கம் கிடையாது. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

"மரத்துலருந்து விழுந்த உடனே இருந்த வலி கூடவா, இப்ப இருக்கது கூடவா?"

அவர் யோசிக்கவே இல்லை. "விழுந்தப்ப இம்புட்டு இல்ல தாயி. கட்டுப் போட்ட பெறவு நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப உள்ள இருந்து நெரிக்கி. நேரம் ஆக ஆகக் கூடுது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது அப்போதுதான். முறிந்த எலும்பை நேராக்கி அசையாமல் கட்டிவிட்டால் வலி குறைய வேண்டும். குறைந்த பிறகு திரும்ப ஏறுகிறது, ஊசிக்கும் அடங்கவில்லை, உள்ளிருந்து நெரிக்கிறது என்றால், எலும்பை விட்டுவிட்டுச் சதையைப் பற்றி நினைக்க வேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்தி, காலின் உள்கட்டமைப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடு. முழங்காலுக்குக் கீழே சதை நான்கு அறைகளாக இருக்கிறது. ஒவ்வோர் அறையையும் சுற்றி நீளாத கெட்டியான சவ்வு. எலும்பு முறிந்தால் உள்ளே ரத்தம் கசியும், சதை வீங்கும், ஆனால் அறை பெரிதாகாது. வாயை இறுக்கிக் கட்டிய துணிப்பைக்குள் உளுந்தை ஊறப்போட்ட மாதிரி. அதற்கு மேலே மாவுக்கட்டும் இறுக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறும். முதலில் நசுங்குவது மெல்லிய ரத்தக் குழாய்கள். சதைக்கும் நரம்புக்கும் ரத்தம் நின்றுவிடும். ஆனால் பெரிய தமனியில் அழுத்தம் அதைவிட மிக அதிகம், அதனால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பாதத்தில் நாடி கிடைக்கும், விரல் சூடாக இருக்கும், நிறம் நன்றாக இருக்கும், உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். இதுதான் கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம். ஆறு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டால் செத்த சதை திரும்பாது. கால் பிழைத்தாலும் பாதம் தொங்கிப்போகும், விரல்கள் சுருங்கிப்போகும். இறுக்கமான கட்டினால் கைகால் இப்படிச் சுருங்குவதை ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே எழுதி வைத்துவிட்டார். அவர் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறோம்.

பிள்ளைகள் பரீட்சைக்கு ஆங்கிலத்தில் ஐந்து 'பி' என்று மனப்பாடம் செய்வார்கள்: வலி, வெளிறல், மரமரப்பு, அசைவின்மை, நாடியின்மை. ஐந்தும் வரட்டும் என்று காத்திருந்தால் கால் போய்விடும். நாடி நிற்பதும் வெளிறுவதும் கடைசியில் வருபவை, பல பேருக்கு வரவே வராது. முதலில் வருவது வலி மட்டும்தான். அதுவும் காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, விரலை நாம் மடக்கினால் துடிக்கிற வலி.

அதைத்தான் பார்த்தேன். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்தது விரல்கள் மட்டும். நகத்தை அழுத்தி விட்டேன், இரண்டு விநாடிக்குள் சிவந்தது. சூடு சரி. பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினேன், 98 காட்டியது. பிறகு அவரிடம் சொல்லிவிட்டு, பெருவிரலை மெதுவாகக் கீழ்நோக்கி மடக்கினேன். அதுவரை துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்த மனிதர் அலறிவிட்டார். பக்கத்து பெட்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பெருவிரலைக் கீழே மடக்கினால் அதைத் தூக்குகிற சதை இழுபடும், அது இருப்பது கால் முன்பக்கத்து அறையில். அந்த அறை வழியாகப் போகிற நரம்புதான் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிறது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அந்த இடத்தைத் தொட்டேன். இடது காலில் உடனே சொன்னார். வலது காலில், "தொட்டியளா?" என்று கேட்டார்.

பி.பி. 130/84, நாடி 112. எல்லாவற்றையும் நேரத்தோடு நோட்ஸில் எழுதிவிட்டு, 11.30-க்கு டூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன்.

அவரைக் குறை சொல்லிப் பிள்ளைகளிடம் வாசிக்காதே. சின்ன வயசு டாக்டர், கேஷுவாலிட்டியில் பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு பையனோடு நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "ஃபிராக்சர்னா வலிக்கத்தான் செய்யும் சிஸ்டர். விரல் கலர் எப்படி? சாச்சுரேஷன்?" என்றார். சொன்னேன். "அப்ப சர்குலேஷன் நல்லாத்தானே இருக்கு. இன்னொரு டிரமடால் போடுங்க, கூட ஒரு ஃபெனர்கன். இன்னொரு தலையணை வச்சு உயர்த்துங்க. தூங்கட்டும். காலைல சார் வந்து பாப்பாரு."

அவர் சொன்ன மூன்றையும் செய்வது எனக்குச் சுலபம். ஆர்டர் இருக்கிறது, யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் மூன்றுமே அந்தக் காலுக்கு ஆகாது. தூங்கவைத்தால், நமக்கு இருக்கிற ஒரே அடையாளமான வலி மறைந்துபோகும். காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தினால் வீக்கம் வடியும் என்பது சாதாரண முறிவுக்குச் சரி, இங்கே ரத்தம் மேலேறிப் போகிற வேகத்தையும் அது குறைத்துவிடும். விரலில் காட்டுகிற சாச்சுரேஷன் தோலின் ரத்த ஓட்டத்தைத்தான் சொல்லும், ஆழத்தில் இருக்கிற சதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

"டாக்டர், நான் ஊசி போட மாட்டேன்னு சொல்லல. போட்டுத் தூங்கிட்டாருன்னா பெறவு வலிக்குதுன்னு சொல்ல அவரால முடியாது. நீங்க ஒரு தடவ வந்து அந்தப் பெருவிரல மடக்கிப் பாத்துருங்க. கம்பார்ட்மென்ட் சின்ட்ரோமோன்னு பயமா இருக்கு. நீங்க பாக்க வரைக்கும் ஊசிய நிறுத்தி வைக்கேன்."

"இங்க ஒருத்தனுக்கு மூச்சுக்குழாய் போட்டுக்கிட்டு இருக்கேன், இப்ப எப்படி வர முடியும்?" என்றார். அதுவும் உண்மைதான்.

"அப்படின்னா நைட் சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டு நான் ஆர்த்தோ சாருக்கு நேரா போன் பண்ணுதேன் டாக்டர். உங்களுக்குத் தெரியாமப் பண்ணக் கூடாதுன்னு சொல்லுதேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உங்க இஷ்டம் சிஸ்டர்" என்று வைத்துவிட்டார். கோபம்தான். ஒருவரைத் தாண்டிப் போக வேண்டி வந்தால், அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதை உன் பிள்ளைகள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் போனால் அடுத்த ராத்திரி அவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது, அது அடுத்த நோயாளிக்குத்தான் கெடுதி. நோட்ஸிலும் அப்படியே எழுதினேன்: இத்தனை மணிக்கு, இன்னாரிடம், இதைச் சொன்னேன், இந்த ஆர்டர் வந்தது, பார்க்கும் வரை ஊசி நிறுத்தம், மேலே தெரிவிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆத்திரத்தை கேஸ் ஷீட்டில் எழுதினால் அது நோயாளிக்கு உதவாது.

சூப்பர்வைசர் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, அவளே விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "போனைப் போடு" என்றாள். 11.50-க்கு ஆர்த்தோ சார் தூக்கத்தில் எடுத்தார். நான் பேசியதை ஏறக்குறைய அப்படியே எழுதுகிறேன், பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்கு:

"சார், எலும்பு வார்டு நைட் ஸ்டாஃப் பேசுதேன். சாயங்காலம் நீங்க மாவுக்கட்டு போட்ட டிபியா ஃபிராக்சர், பதினோராம் பெட். ரெண்டு மணி நேரமா வலி கூடிக்கிட்டே போகுது, 10 மணிக்கு டிரமடால் போட்டும் அடங்கல. விழுந்தப்ப இருந்ததவிட இப்பக் கூடன்னு சொல்லுதாரு. பெருவிரலக் கீழ மடக்குனா அலறுதாரு. முதல் ரெண்டு விரலுக்கு நடுவுல உணர்ச்சி இல்ல, மத்தக் கால்ல இருக்கு. விரல் சூடா இருக்கு, கலர் நல்லா இருக்கு. பி.பி. 130/84, நாடி 112. கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம்னு நெனைக்கேன். நீங்க இப்ப வந்து பாக்கணும் சார். அதுக்குள்ள கட்டப் பிளந்துரலாமா?"

அரை நிமிஷம்கூட ஆகாது. யார் பேசுகிறேன், யாரைப் பற்றி, என்ன பார்த்தேன், என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். கடைசி இரண்டும்தான் புதுப் பிள்ளைகளுக்கு வாயில் வராது. "சார், பேஷண்ட்டுக்கு ரொம்ப வலி" என்று நிறுத்திவிடுவார்கள். அதற்கு உறக்கத்தில் இருக்கிற எந்த டாக்டரும் ஊசிதான் சொல்வார். விரல் சூடாக இருப்பதை நான் மறைக்காமல் சொன்னதையும் கவனிக்கச் சொல். நமக்கு எதிராகத் தெரிகிற விவரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் பேச்சை நம்புவார்கள்.

சார் தெளிவாகிவிட்டார். "இப்பவே பிளக்கச் சொல்லு. ரெண்டு பக்கமும் மேலருந்து கீழ வரைக்கும். உள்ள இருக்க பஞ்சையும் வெட்டணும், தோல் தெரியணும். தலையணைய எடுத்துரு, கால் நெஞ்சு மட்டத்துக்கு இருக்கட்டும். தண்ணிகூடக் கொடுக்காத. தியேட்டருக்கும் மயக்க டாக்டருக்கும் சொல்லிரு. நான் கிளம்பிட்டேன்."

பிளாஸ்டர் டெக்னீஷியன் கட்டரோடு வந்தார். மாவை மட்டும் அறுத்து விரித்தால் போதும் என்று நினைத்தார், அதுதான் வழக்கம். உள்ளே சுற்றிய பஞ்சு வீக்கத்தில் நனைந்து இறுகிக் கிடந்தது, கத்தரியால் அதையும் தோல் வரை வெட்டினோம். அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டார். கொஞ்சம் தேவலை என்றார். ஆனால் விரலை மடக்கினால் அதே வலி. சில பேருக்குக் கட்டைப் பிளந்ததோடு சரியாகிவிடும், இவருக்குச் சரியாகவில்லை. கெண்டைக்கால் முழுக்கப் பளபளவென்று தோல் விறைத்து நின்றது, அழுத்தினால் அமுங்கவில்லை. கேஷுவாலிட்டிப் பையனை ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிட்டு டூட்டி டாக்டரும் அதற்குள் வந்துவிட்டார். ஒன்றும் பேசாமல் அவரே விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு டிரிப்பை அவர்தான் சரிபார்த்தார், தியேட்டருக்கும் அவர்தான் பேசினார்.

12.45-க்கு சார் வந்தார். எங்களிடம் அழுத்தம் அளக்கிற கருவி இல்லை. இருந்தால், கீழ் பி.பி.க்கும் அறைக்குள் இருக்கிற அழுத்தத்துக்கும் வித்தியாசம் 30-க்குக் கீழே போனால் திறந்துவிட வேண்டும் என்பார்கள். மயக்கத்தில் இருப்பவர், தலையில் அடிபட்டவர், முதுகில் மரப்பு ஊசி போட்டவர், இவர்களுக்கு வலி சொல்ல முடியாது என்பதால் கருவி அவசியம். அண்ணாச்சி முழித்திருந்தார், அவருடைய வாயே போதும் என்று சார் முடிவெடுத்தார்.

அந்த ராத்திரியில் இன்னொரு சண்டை பாக்கி இருந்தது, அது வராந்தாவில். பெண்சாதியின் அண்ணன் வந்திருந்தார். "காலக் கிழிக்கப் போறியளா? முறிவுக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டா சரியாப் போகும். இல்லன்னா ஹைகிரவுண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருதோம்" என்று சத்தம் போட்டார். அந்த அம்மா கும்பிட்ட கையோடு அழுதாள். சார் அவரிடம் விளக்க ஆரம்பித்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் வாங்கிய கையெழுத்து கம்பி வைக்கிற ஆபரேஷனுக்கு, அது இதற்குச் செல்லாது. நான் சாரிடம், "சார், கால் அவருது. அவரு முழிச்சி, தெளிவா இருக்காரு. அவருட்டயே கேட்டுருவோம்" என்றேன்.

சார் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். "உங்க கால்ல சதைக்கு ரத்தம் போகல. ரெண்டு பக்கமும் தோலக் கீறி உள்ள இருக்க இறுக்கத்த விடணும். புண்ண உடனே தைக்க மாட்டோம், கொஞ்ச நாள் திறந்தே இருக்கும், தொடைத் தோல எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். செலவு கூடும். செய்யலைன்னா பாதம் தூக்க வராமப் போகும், காலே போனாலும் போகும்."

அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான். "பெறவு மரம் ஏற முடியுமா?"

"அது இப்பச் சொல்ல முடியாது. நடக்க வைக்கப் பாக்கேன்."

"அப்ப திறங்க" என்று பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மச்சினனைப் பார்த்து, "நீ சும்மா இரு, நெரிக்கது ஒன்ன இல்ல" என்றார்.

1.30-க்கு உள்ளே போனார். இரண்டு பக்கமும் நீளக் கீறல், நான்கு அறையும் திறந்தார்கள். கீறினதும் சதை பிதுங்கி வந்தது என்று தியேட்டர் சிஸ்டர் சொன்னாள். முன்பக்கத்துச் சதை கருத்துப்போய் இருந்ததாம். காத்திருந்து பார்த்ததில் நிறம் திரும்பியது, தொட்டால் சுருங்கியது, கீறினால் ரத்தம் வந்தது. எதையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. எலும்பை வெளியே கம்பிச் சட்டம் வைத்து நிறுத்தினார்கள். விடியும்வரை நான் மணிக்கு மணி மூத்திரத்தின் அளவையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன், செத்த சதையின் கழிவு இறங்கினால் தேநீர் நிறத்தில் போகும், சிறுநீரகம் கெடும். அவருக்குத் தெளிவாகவே போனது. காலை 7 மணிக்குப் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னேன். கொஞ்சமாகத் தூக்கினார்.

தோல் ஒட்டி, பிறகு கம்பி வைத்து, பல மாதம் கழித்து ஒரு நாள் செக்கப்புக்குத் தானாக நடந்து வந்தார். மரம் ஏறுவதில்லை, பெண்சாதியோடு கருப்பட்டி காய்ச்சுகிறார். டூட்டி டாக்டர் அதற்குப் பிறகு ராத்திரி ரவுண்டில் மாவுக்கட்டு போட்ட ஒவ்வொருவரின் விரலையும் மடக்கிப் பார்த்தார். புதுக் கட்டுக்கு முதல் நாள் முழுக்க மணிக்கொரு முறை பார்க்கிற சார்ட்டில், நிறம், சூடு என்ற கட்டங்களோடு விரலை மடக்கினால் வலி என்ற கட்டமும் சேர்ந்தது.

குழந்தைகள் வார்டுக்குப் போகிற உன் பிள்ளைகளுக்கு ஒன்று சேர்த்துச் சொல். சின்னக் குழந்தைக்கு முழங்கை முறிந்து கட்டுப் போட்டிருந்தால், விழுந்தப்ப கூடவா இப்பக் கூடவா என்று அதனிடம் கேட்க முடியாது. ஊசி மருந்து அடிக்கடி தேவைப்படுகிறதா, அடங்காமல் புரண்டு புரண்டு அழுகிறதா, தாய் "இது இந்த மாதிரி அழாது" என்கிறாளா என்று பார்க்க வேண்டும். தாய் சொல்வதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

முதலாண்டில் அவர்கள் சாருக்குப் போன் செய்யப்போவதில்லை என்று நீ சொல்வாய். சரிதான். அவர்கள் ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் "சரி சரி" என்று போய்விட்டால், அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்பவிட இப்ப வலி கூடிருக்கு, விரல மடக்க விட மாட்டேங்காரு" என்று பார்த்ததைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதும் நகரவில்லை என்றால் டியூட்டரிடம் வர வேண்டும், அதாவது உன்னிடம். ராத்திரி அவர்கள் போன் பண்ணினால் எடுத்துவிடு.

வாசிக்கும்போது 11.30-க்குப் போன் போடுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, ஒவ்வொருத்தியையும் எழுந்து டாக்டரிடம் என்ன சொல்வாய் என்று கேட்டுப் பார். மீதியை அதற்குப் பிறகு வாசி.

அன்புடன்,
அம்மா